வீட்டுப்பாடத்தை எழுதியது யார்? விழுக்காடு சொல்லாத உண்மை

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பிரிந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில், ஷிப்ட் மாறும் நேரங்களில் தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். அந்தப் பேருந்துகளில் பயணிப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான் நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் யாருமில்லை. ஆனால், வீட்டுக்கு ஒரு திறன்பேசி இருக்கிறது. அதில் கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் சாட்பாட் இருக்கிறது.

சென்ற கல்வியாண்டில் பதினோராம் வகுப்பு மாணவர்களிடம், தொழில் வளர்ச்சியால் எங்கள் ஊரில் ஏற்பட்ட மாற்றங்களைப் பற்றி 300 சொற்களில் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதித் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கட்டுரைகளை என்னுடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு கண்டறியும் கருவியில் இட்டுப் பார்த்தார். ஒரு மாணவியின் கட்டுரைக்கு ‘87 விழுக்காடு செயற்கை நுண்ணறிவு’ என்று சிவப்பு நிறத்தில் விடை வந்தது. ஒரு மாணவனின் கட்டுரைக்கு 4 விழுக்காடு மட்டுமே. மாணவிக்கு மதிப்பெண் வழங்கக் கூடாது என்றார் நண்பர். இரண்டு நாள் பொறுத்திருக்குமாறு கேட்டுக்கொண்டேன். விசாரித்தபோது உண்மை தலைகீழாக இருந்தது. அந்த அனுபவமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கருவி எதைப் பார்க்கிறது?

கண்டறியும் கருவிக்கு மாணவரைத் தெரியாது. அவர் எப்படி எழுதினார் என்பதும் தெரியாது. அதன் முன் இருப்பவை சொற்கள் மட்டுமே. அந்தச் சொற்களில் அது முதன்மையாக அளப்பது, அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான். ‘காலையில் எழுந்து பல் துலக்கிக் காபி’ என்று ஒருவர் தொடங்கினால், அடுத்து வருவது ‘குடித்தேன்’ என்று எவரும் சொல்லிவிடலாம். ‘கொட்டினேன்’ என்று வந்தால் அது சற்று எதிர்பாராதது. சாட்பாட் பெரும்பாலும் வரக்கூடிய சொற்களைத் தேர்ந்தெடுத்துக் கோத்துக்கொண்டே போகும் இயல்புடையது. ஆகவே, எதிர்பாராத சொற்கள் குறைவாகவும், வாக்கியங்கள் ஏறத்தாழ ஒரே நீளத்திலும் இருந்தால், எழுதியது இயந்திரம் என்று கருவி முடிவு செய்கிறது.

இந்தத் தர்க்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. எளிதில் ஊகிக்கக்கூடிய வகையில் எழுதுவது இயந்திரம் மட்டும் அன்று. ஒரு மொழியைப் பேசிப் பழகாமல் பள்ளிக்கூடத்தில் மட்டுமே கற்றவரும் அப்படித்தான் எழுதுவார். தமக்குத் தெரிந்த சொற்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் பாதுகாப்பான சொல்லையே தேர்ந்தெடுப்பார். பிழை நேர்ந்துவிடும் என்ற அச்சத்தில் பழகிய வாக்கிய அமைப்பை விட்டு விலக மாட்டார். ‘ஃபர்ஸ்ட் அண்ட் ஃபோர்மோஸ்ட்’ என்று தொடங்கி ‘லாஸ்ட் பட் நாட் தி லீஸ்ட்’ என்று முடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தான். உரைநூல்களிலிருந்து மனப்பாடம் செய்து எழுதும் பழக்கம் தமிழ்நாட்டு வகுப்பறைகளில் பல தலைமுறையாக உண்டு. அந்தப் பழக்கம் உருவாக்கிய நடையும், இயந்திரத்தின் நடையும் கருவியின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன.

இது என் ஊகம் மட்டும் அல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ‘பேட்டர்ன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வொன்று இதை நேரடியாகச் சோதித்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளையும், அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதிய 88 கட்டுரைகளையும் ஏழு கருவிகளில் இட்டுப் பார்த்தார்கள். எல்லாமே மனிதர்கள் எழுதியவை. அமெரிக்க மாணவர்களின் கட்டுரைகளைக் கருவிகள் பெரும்பாலும் சரியாக இனங்கண்டன. ஆனால், டோஃபல் கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டை இயந்திரம் எழுதியவை என்று தவறாகச் சொல்லின. 91இல் 89 கட்டுரைகள், ஏழில் ஒரு கருவியிடமாவது சிக்கின. ஒரு கருவி சரிப்படவில்லை என்றால் இன்னொன்றில் சோதிக்கலாம் என்று நினைக்கும் ஆசிரியர்கள் இந்த எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். கருவிகளைக் கூட்டக் கூட்ட, எங்காவது ஒன்றில் சிக்காமல் தப்பும் மாணவரே இருக்க மாட்டார்.

அந்த ஆய்வின் இன்னொரு பகுதி இதைவிட முக்கியமானது. அதே டோஃபல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் எழுதியதுபோலச் சொற்களை மெருகேற்றச் சொன்னார்கள். இப்போது தவறான குற்றச்சாட்டு 61 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 12 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. அதாவது, தாமே எழுதிய மாணவர் குற்றவாளி. அதையே இயந்திரத்திடம் கொடுத்துத் திருத்தி வாங்கியவர் நிரபராதி!

விழுக்காட்டின் கணக்கு

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன் ஏஐ நிறுவனமே 2023 ஜனவரி இறுதியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டை மட்டுமே தன் கருவி சரியாகக் கண்டுபிடிக்கிறது என்றும், மனிதர்கள் எழுதியவற்றில் 9 விழுக்காட்டைத் தவறாக இயந்திரத்தின் கணக்கில் சேர்க்கிறது என்றும் அந்நிறுவனமே நேர்மையாக அறிவித்தது. துல்லியம் குறைவு என்ற காரணத்தைச் சொல்லி, அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இந்த எண்களை எங்கள் பள்ளிக்குப் பொருத்திப் பார்க்கலாம். 200 மாணவர்கள் கட்டுரை தருகிறார்கள் என்று கொள்வோம். அவர்களில் 20 பேர் சாட்பாட் உதவியால் எழுதியவர்கள். 180 பேர் தாமே எழுதியவர்கள். 26 விழுக்காடு என்ற கணக்கில், உண்மையாகத் தவறு செய்த 20 பேரில் 5 பேர் பிடிபடுவார்கள். 9 விழுக்காடு என்ற கணக்கில், தாமே எழுதிய 180 பேரில் 16 பேர் பிடிபடுவார்கள். தலைமையாசிரியர் அறையின் முன் நிற்கும் 21 பேரில் 16 பேர் நிரபராதிகள். தவறு செய்தவர்களில் 15 பேர் வகுப்பில் நிம்மதியாக அமர்ந்திருப்பார்கள்.

இன்றைய கருவிகள் அதைவிடத் துல்லியமானவை என்று அவற்றை விற்போர் சொல்கிறார்கள். பிழை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். டர்னிட்டின் நிறுவனம் 2023இல் தன் கருவியை அறிமுகப்படுத்தியபோது அப்படித்தான் கூறியது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அந்தக் கணக்கைத் தன் மாணவர்களுக்குப் போட்டுப் பார்த்தது. 2022இல் அங்கே 75,000 கட்டுரைகள் டர்னிட்டின் வழியே சமர்ப்பிக்கப்பட்டிருந்தன. ஒரு விழுக்காடு பிழை என்றாலும், ஏறத்தாழ 750 கட்டுரைகள்மீது தவறான பழி விழும். அந்தப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் அக்கருவியின் இந்த வசதியை நிறுத்திவிட்டது.

விழுக்காட்டை நாம் வாசிக்கும் முறையிலும் பிழை இருக்கிறது. ‘87 விழுக்காடு’ என்று கண்டதும், மாணவி குற்றம் செய்திருக்க நூற்றுக்கு 87 பங்கு வாய்ப்புண்டு என்று பொருள் கொள்கிறோம். சில கருவிகளில் அந்த எண், கட்டுரையின் எத்தனை பங்கு வாக்கியங்களைக் கருவி ஐயுறுகிறது என்பதைக் குறிக்கும். வேறு சிலவற்றில், கருவிக்குத் தன் ஊகத்தின் மீதுள்ள நம்பிக்கையைக் குறிக்கும். இரண்டுமே சான்று ஆகா. பிறர் எழுதியதை அப்படியே எடுத்தாண்டதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், எடுக்கப்பட்ட மூலத்தையும் பக்கத்தில் காட்டும். நாம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கே ஒப்பிட மூலம் என்று ஒன்று இல்லை. மாணவர் மறுத்தால், ஆசிரியரின் கையில் ஓர் எண்ணைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

இந்தியாவிலேயே இது நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. ஹரியாணாவில் உள்ள ஓ.பி.ஜிண்டால் குளோபல் பல்கலைக்கழகத்தின் சட்ட முதுகலை மாணவர் ஒருவரின் விடைத்தாள் 88 விழுக்காடு செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டது என்று கூறப்பட்டு, 2024இல் அவர் அந்தத் தாளில் தோல்வியுற்றதாக அறிவிக்கப்பட்டார். அவர் பஞ்சாப் - ஹரியாணா உயர் நீதிமன்றத்தை அணுகினார். நீதிமன்றம் விளக்கம் கேட்ட பின், மாணவர் தேர்ச்சி பெற்றதாகப் பல்கலைக்கழகம் தெரிவித்தது, வழக்கு முடித்துவைக்கப்பட்டது. சட்டம் படித்தவரால் நீதிமன்றப் படியேற முடிந்தது. சிங்கப்பெருமாள் கோவில் மாணவிக்கு அந்த வாய்ப்பு ஏது?

ஆசிரியரின் கண்ணும் ஏமாறும்

‘கருவி வேண்டாம், வாசித்தாலே எனக்குத் தெரிந்துவிடும்’ என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள், திருத்துவோருக்குத் தெரிவிக்காமல், போலி மாணவர்களின் பெயரில் சாட்பாட் எழுதிய விடைகளை உளவியல் பாடத் தேர்வுகளில் சேர்த்தார்கள். 2024இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவற்றில் 94 விழுக்காடு எவர் கண்ணிலும் படவில்லை. அவற்றுக்குக் கிடைத்த மதிப்பெண்களும் சராசரியாக உண்மையான மாணவர்களின் மதிப்பெண்களைவிடக் கூடுதலாகவே இருந்தன.

நடையைக் கொண்டு ஐயுறுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நன்றாக எழுதும் ஏழை மாணவரை முதலில் ஐயுறுகிறோம். ‘இவன் இப்படி எழுதக்கூடியவன் அல்லன்’ என்ற முன்முடிவு நமக்குள் வேலை செய்கிறது. தமிழ்க் கட்டுரையில் ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’, ‘இன்றியமையாதது’ என்ற தொடர்கள் அடிக்கடி வந்தால் அது சாட்பாட் என்கிறார்கள். அந்தத் தொடர்கள் நம் பாடநூல்களிலும் உரைநூல்களிலும் சாட்பாட் பிறப்பதற்கு முன்பிருந்தே நிறைந்திருக்கின்றன.

சாட்பாட்டிடமே, ‘இதை எழுதியது நீயா?’ என்று கேட்பது எல்லாவற்றிலும் மோசமான வழி. 2023 மே மாதம் அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்டு எம் - காமர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆசிரியர் அப்படிக் கேட்டு, கிடைத்த பதிலை நம்பி மாணவர்கள்மீது குற்றம் சுமத்தினார். சிலரின் பட்டச் சான்றிதழ் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. தான் எழுதியவை எவை என்ற பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து அது பதில் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கும் வரக்கூடிய சொற்களைக் கோத்துத் தருகிறது, அவ்வளவுதான்.

அந்த இருவர் கதை

அப்படியானால் எப்படித்தான் அறிவது? அந்த இரு மாணவர்களின் விஷயத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில், இருவரும் வகுப்பறையில் என் முன்னிலையில் முன்பு எழுதிய தேர்வுத்தாள்களை எடுத்துக் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்தேன். மாணவியின் கட்டுரையில் இருந்த அதே தேய்ந்த தொடர்கள் தேர்வுத்தாளிலும் இருந்தன. இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒரே பத்தியில் மாறி மாறி வரும் பிழை இரண்டிலும் இருந்தது. பிழை ஒரு கைரேகைபோல. அது ஆளுக்கு ஆள் மாறும். மாணவனின் கட்டுரையில் அவன் வழக்கமாகச் செய்யும் பிழைகள் இல்லை. அவன் ஒருபோதும் செய்யாத எழுத்துப்பிழைகள் இரண்டு மூன்று, தூவியதுபோல இருந்தன.

அடுத்து, உள்ளடக்கத்தைப் பார்த்தேன். மாணவியின் நான்காம் பத்தியில், இரண்டாம் ஷிப்ட் முடிந்து அப்பா வரும்போது தான் தூங்கிவிடுவதாகவும், சில வாரங்களில் அவரை ஞாயிற்றுக்கிழமை மட்டுமே விழித்த நிலையில் பார்ப்பதாகவும் எழுதியிருந்தாள். மாணவனின் கட்டுரையில் வேலைவாய்ப்பு, உள்கட்டமைப்பு, சுற்றுச்சூழல் என்று மூன்று பத்திகள். ஒரகடம் என்ற பெயரை எடுத்துவிட்டு ஓசூர் என்று போட்டாலும் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்காது. ஆனால், இதையும் நான் சான்றாகக் கொள்ளவில்லை. பொத்தாம்பொதுவாக எழுதும் மாணவர்கள் எப்போதும் உண்டு.

மூன்றாவதாக, இருவரையும் தனித்தனியே அழைத்து ஐந்து நிமிடம் பேசினேன். ‘நீ எழுதியதா?’ என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி அச்சத்தையே வரவழைக்கும். கட்டுரையைக் கையில் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்டேன். இந்த வாக்கியத்தை உன் சொற்களில், தமிழிலேயே சொல்ல முடியுமா? இந்த எடுத்துக்காட்டை ஏன் தேர்ந்தெடுத்தாய்? ஒரு பத்தியை நீக்கச் சொன்னால் எதை நீக்குவாய்?

மாணவி தயங்கினாள், பிறகு, “அப்பா பத்தி எழுதினதை எடுத்துடலாமா சார்? அது கட்டுரைக்குச் சரியா வராதுன்னு முதல்லயே நினைச்சேன்” என்றாள். எதை எழுதினோம், எதை விடலாமென்று நினைத்தோம் என்பது எழுதியவருக்கே தெரியும். மாணவனால் தன் கட்டுரையில் இருந்த ‘இன்ஃப்ராஸ்ட்ரக்சர்’ என்ற சொல்லுக்குத் தமிழிலும் விளக்கம் தர இயலவில்லை. எந்தப் பத்தியை நீக்கலாம் என்ற கேள்விக்கு, மூன்றும் எதைப் பற்றியவை என்றே நினைவில்லை. சற்று நேரத்தில் அவனே, “எட்டாங்கிளாஸ் பையன் எழுதுற மாதிரி எழுதித் தான்னு கேட்டேன் சார்” என்றான். கருவி 4 விழுக்காடு என்று சொன்னதன் காரணமும், தூவப்பட்ட பிழைகளின் காரணமும் அப்போதுதான் விளங்கின.

அவனை நான் தண்டிக்கவில்லை. அதே தலைப்பில் ஒரு பத்தியை வகுப்பிலேயே பதினைந்து நிமிடத்தில் எழுதச் சொல்லி, அதற்கு மட்டும் மதிப்பெண் வழங்கினேன். நீதிக்காக மாணவியையும் அதே போல எழுத வைத்தேன். அவளது பத்தி வீட்டில் எழுதியதைப் போலவே இருந்தது.

இந்த முறையின் எல்லைகள்

இம்முறையிலும் குறைகள் உண்டு. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை தானே எழுதியதையும் சொல்லத் திணறும். எழுதி ஒரு மாதம் கடந்த பின் கேட்டால் எவருக்கும் மறந்துபோகும். எனவே இரண்டு மூன்று நாள்களுக்குள் கேட்டுவிட வேண்டும். சந்தேகப்பட்டவரை மட்டும் அழைத்தால் அதுவே அவமானம் ஆகிவிடும். ஒவ்வொரு கட்டுரைக்கும் வகுப்பில் ஐந்தாறு பேரைச் சுழற்சி முறையில் அழைப்பது நல்லது. தட்டச்சு செய்து தரும் கட்டுரை என்றால், கூகுள் டாக்ஸ் போன்றவற்றில் திருத்த வரலாற்றைப் பார்க்கலாம்; ஒரு மணி நேரம் அடித்தும் திருத்தியும் வளர்ந்த கட்டுரையும், ஒரே நொடியில் முழுதாக வந்து விழுந்த கட்டுரையும் அதில் வேறுபட்டுத் தெரியும். ஆனால், திறன்பேசித் திரையைப் பார்த்து எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்தவரை அதுவும் காட்டிக்கொடுக்காது. நோட்டில் கையால் எழுதச் சொல்வதும் தீர்வாகாது. பார்த்து எழுதுவது நம் மாணவர்களுக்குப் புதிதல்ல.

இதிலெல்லாம் முக்கியமான ஒன்றுண்டு. என் ஐந்து நிமிட உரையாடல், எழுதியது சாட்பாட்டா, அண்ணனா, டியூஷன் ஆசிரியரா என்பதை உறுதியாக நிறுவாது. கட்டுரையில் உள்ளது மாணவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பதை மட்டுமே காட்டும். ஆசிரியர் மதிப்பெண் வழங்குவது அதற்குத்தானே? குற்றத்தை நிறுவும் பொறுப்பை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

வீட்டுப்பாடம் அக மதிப்பீட்டு மதிப்பெண்ணாக மாறும் பள்ளிகளும் கல்லூரிகளும் மூன்று விதிகளை எழுத்துப்பூர்வமாக வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கோரிக்கை. கண்டறியும் கருவியின் விழுக்காட்டை மட்டும் வைத்து எவருக்கும் மதிப்பெண் குறைக்கக் கூடாது. ஐயம் எழுந்தால், மாணவர் தன் கட்டுரையைப் பற்றி மூன்று நாள்களுக்குள் பேசவும், வகுப்பில் ஒரு பத்தி எழுதிக் காட்டவும் வாய்ப்பளிக்க வேண்டும். சாட்பாட்டை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதைக் கட்டுரை கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாத விதியை மீறியதாக எவரையும் தண்டிக்க இயலாது.

கருவியை நம்பி அன்று மதிப்பெண்ணை மறுத்திருந்தால், அந்த மாணவி அடுத்த கட்டுரையில் என்ன செய்திருப்பாள் என்று அவ்வப்போது எண்ணிப் பார்க்கிறேன். தானே எழுதியதற்குத் தண்டனை கிடைத்த பிறகு, அவளும் சாட்பாட்டிடம்தான் போயிருப்பாள்.

- கட்டுரையாளர்: மேல்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர்.